குவைத் ஆவணப்படம்: பின்னணிக் குரல் ஒட்டாத சிக்கல்

குவைத்துக்கு வேலைக்குக் கிளம்பிய கதையை ஆவணப்படமாக வெட்டினேன், படம் சரி, என் குரல் மட்டும் செய்தி வாசிப்பு மாதிரியே ஒட்டாமல் நின்றது. வரிகளைச் சுருக்கினேன், பேச்சுத்தமிழுக்கு மாற்றினேன், அடியில் இசை போட்டேன், பலனில்லை.

அப்புறம் ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டி, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும் வரிகளையெல்லாம் நீக்கினேன். "அம்மா வாசலில் அழுதாள்" போனது. அந்த இடத்தில் "ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் அவள் வளையலை அடகு வைத்து வந்தது" வந்தது. கேமராவுக்குத் தெரியாததை மட்டும் குரல் சொன்னதும் ஒட்டிவிட்டது.

பலர் கவனிக்காத ஒன்று: காட்சி மாறிய அதே நொடியில் குரல் தொடங்கினால் படத்துக்கு விளக்கவுரை போலக் கேட்கும். விமான நிலைய அறிவிப்பை இரண்டு நொடி ஓடவிட்டு அதன்பிறகு பேசினேன். இருபது நொடிக் காட்சிக்கு முப்பது சொல்லுக்கு மேல் வைக்கவில்லை.