ஒரு டவரில் மட்டும் விகிதத்தை மாற்றாதீர்கள்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நின்றால், தேரை விடத் தூக்கிப் பிடித்த போன்கள்தான் அதிகம் தெரியும். பாதிப் பேர் லைவ் விடுகிறார்கள். அன்று திணறுவது டவரிலிருந்து போனுக்கு வரும் டவுன்லிங்க் இல்லை, போனிலிருந்து டவருக்குப் போகும் அப்லிங்க்.

1800 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஃப்.டி.டி.யில் இரண்டுக்கும் தனித்தனி அலைவரிசை. போன் 1710 முதல் 1785-க்குள் அனுப்பும், டவர் 1805 முதல் 1880-க்குள் பதில் சொல்லும். 2300-இல் ஓடும் டி.டி.டி.யில் அலைவரிசை ஒன்றுதான், முறை வைத்துப் பயன்படுத்த வேண்டும். அதில் எந்தத் திசைக்கு எவ்வளவு நேரம் என்பதுதான் விகிதம். 4ஜி-யில் பரவலாக வைக்கும் இரண்டாம் அமைப்பில், ஒவ்வொரு 5 மில்லி நொடியிலும் சப்ஃபிரேம் எனும் ஒரு மில்லி நொடித் துண்டுகளில் மூன்று டவுன்லிங்குக்கு, ஒன்று அப்லிங்குக்கு, ஒன்று திசை மாறுவதற்கு. 20 மெகாஹெர்ட்ஸ் இருந்தாலும் அப்லிங்க் உச்சம் சுமார் 10 எம்பிபிஎஸ்தான். ஆளுக்கு 2 எம்பிபிஎஸ்ஸில் ஐந்து பேர் லைவ் விட்டால் டவரில் ஒரு திசையைப் பார்க்கும் செக்டாரின் அப்லிங்க் தீர்ந்துவிடும்.

மாத மொத்த ஜிபி-யைப் பார்த்து விகிதம் முடிவு செய்வது முதல் தவறு. அதில் டவுன்லிங்க் எப்போதும் பல மடங்கு இருக்கும், தேரோட்டம் கண்ணில் படாது. நெரிசலான மணி நேரத்தில் அப்லிங்க் ரிசோர்ஸ் பிளாக்குகள், அதாவது போன்களுக்குப் பங்கிடும் அலைவரிசைத் துண்டுகள், எத்தனை சதவீதம் நிரம்பின என்று தனியாகப் பாருங்கள். போன் சிக்னல் அனுப்பும் திறன் 23 டிபிஎம், அதாவது சுமார் 0.2 வாட் மட்டுமே என்பதால், அதே அளவு டேட்டாவை மேலே அனுப்ப அதிக நேரம் பிடிக்கும். ஜிபி கணக்கு இதைச் சொல்லாது.

இரண்டாவது தவறை நானே செய்திருக்கிறேன். ரத வீதிப் பக்கம் ஒரே ஒரு டவரை முதலாம் அமைப்புக்கு மாற்றினேன்: இரண்டு டவுன்லிங்க், இரண்டு அப்லிங்க். கணக்குப்படி அப்லிங்க் இரட்டிப்பாக வேண்டும். ஆகவில்லை.

இரண்டு அமைப்புகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் காரணம் புரியும். D என்பது டவுன்லிங்க், U அப்லிங்க், S திசை மாறும் இடம்.

```
2: D S U D D D S U D D
1: D S U U D D S U U D
```

பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 3, 8 ஆகிய இடங்களில்தான் வித்தியாசம். அந்த நேரத்தில் என் டவர் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, பக்கத்து டவர்கள் முழு பலத்தில் கத்திக்கொண்டிருந்தன. நம்ம ஊர் சமவெளி. முப்பது மீட்டர் உயரத்தில் நிற்கும் டவர்கள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும். கீழே கூட்டத்துக்குள் நிற்கும் போனின் குரல் அதில் எடுபடுமா? புதிதாகக் கிடைத்த இடமே பாழானது. சராசரி இரைச்சல் கவுண்டரில் லேசான ஏற்றம்தான் தெரிந்தது. சப்ஃபிரேம் வாரியாகப் பிரித்தபோது 2, 7 சுத்தமாகவும் 3, 8 மட்டும் எகிறியும் நின்றன.

மாற்றுவதானால் ஒன்றையொன்று கேட்கும் எல்லா டவரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஜிபிஎஸ் கடிகாரத்தால் எல்லாம் ஒரே கணத்தில், பத்து சப்ஃபிரேம் கொண்ட ஃபிரேமைத் தொடங்கவும் வேண்டும். ஆனால் டவுனில் ஆரம்பித்தால் ஜங்ஷன், பாளையங்கோட்டை என்று எங்கே நிறுத்துவது? எல்லையில் நிற்கும் டவருக்கு அதே கதி.

அதனால் அடுத்த தேருக்கு விகிதத்தைத் தொடவில்லை. லைவ் விடும் போன்களை எஃப்.டி.டி. பக்கம் தள்ளினோம். 10 மெகாஹெர்ட்ஸ் ஜோடியில் அப்லிங்க் இடைவிடாமல் ஓடுவதால் 25 எம்பிபிஎஸ் வரை தாங்கும்.