சேவைக் கட்டணப் பங்கைத் தவறாக அறிவித்துவிட்டால்: செய்யக்கூடாதவை

நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை சீசன். கடல் அமைதியாக இருக்கும், புறாமலைக்குப் படகுகள் ஓடும், அறைகள் நிறையும். விருந்தினரின் பில்லில் சேரும் 10 வீத சேவைக் கட்டணத்தில் தமக்கு வரும் பங்கை ஊழியர்கள் இந்த மாதங்களில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தொகையை ஊழியர்களின் வட்ஸ்அப் குழுவில் தவறாக அறிவித்துவிடுவது, கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நேரக்கூடிய மிகப் பகிரங்கமான பிழைகளில் ஒன்று.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். சேவைக் கட்டணத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும் ஒரு ஹோட்டலில் ஜூன் மாதம் சேர்ந்த தொகை 960,000 ரூபாய். கணக்கு எழுதுநர் மே மாதப் பட்டியலில் இருந்த 40 பேரால் வகுத்து, தலைக்கு 24,000 என்று இரவு அறிவித்துவிட்டார். ஜூன் முதலாம் திகதியே சீசன் வேலைக்கு 8 பேர் சேர்ந்திருந்தார்கள். 48 பேருக்கும் பங்கிட்டால் கிடைப்பது 20,000தான். காலையில் புதிதாக வந்த ஒருவர், "அண்ணை, எங்களுக்கும் உண்டுதானே?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

பலரும் முதலில் செய்வது, பழைய செய்தியை நீக்கிவிட்டுச் சத்தமில்லாமல் புதிய தொகையைப் போடுவது. இதைவிட மோசமான தொடக்கம் இல்லை. செய்தி நீக்கப்பட்டது என்ற குறிப்பு குழுவில் அப்படியே நிற்கும். அதற்குள் யாராவது திரையைப் படமெடுத்திருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னரே, "எங்கள் காசில் நாலாயிரத்தை யாரோ எடுத்துவிட்டார்கள்" என்ற கதை சமையலறையைச் சுற்றிவரும். கணக்குப் பிழை களவாக மாறுவது இப்படித்தான். பழைய செய்தி இருக்கட்டும். அந்தச் செய்திக்கு மறுமொழியாகவே திருத்தத்தைப் போடுங்கள். முகாமையாளரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊழியர்கள் கேட்டு அவர் தெரிந்துகொள்ளக்கூடாது.

அடுத்த தவறு, மன்னிப்பில் தொகையை ஒளிப்பது. சீசன் வேலைப்பளு, தூக்கமின்மை, கணினிக் கோளாறு என்று பத்து வரி எழுதிவிட்டுக் கடைசியில் 20,000 என்றால், வாசிப்பவர் அந்தப் பத்து வரியையும் சாக்காகவே எடுத்துக்கொள்வார். "யாருக்காவது சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்பதும் வேண்டாம். நாலாயிரம் குறைந்தால் எல்லோருக்கும் சிரமம்தான். அதில் சந்தேகம் என்ன? இவ்வளவு போதும்:

"நேற்று நான் அறிவித்த 24,000 தவறு. சரியான பங்கு 20,000. ஜூனில் சேர்ந்த 8 பேரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 960,000ஐ 48ஆல் வகுத்த விபரம் கீழே உள்ளது. மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை நம்பி ஏதாவது ஒழுங்கு செய்தவர்கள் இன்று மாலை 4 மணிக்குள் என்னிடம் சொல்லுங்கள்."

குழுவில் சிங்களம் பேசுவோர் இருந்தால் அதே செய்தி அதே நேரத்தில் சிங்களத்திலும் போகவேண்டும். ஒரு மொழிக்காரர் மற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வந்தால், அங்கே இன்னொரு சந்தேகம் முளைத்துவிடும்.

குற்ற உணர்வில் வாக்குக் கொடுப்பதுதான் நல்லவர்கள் செய்யும் தவறு. "வித்தியாசத்தை நான் தருகிறேன்" என்று சொன்னால், 48 பேருக்கும் 4,000 வீதம் 192,000 ரூபாய் தேவை. கொடுக்க முடியாமல் போனால் இரண்டாம் முறையும் வாக்குத் தவறியவராவீர்கள். நிர்வாகம் ஈடுசெய்யும் என்று சொல்லவும் உங்களுக்கு அதிகாரம் இல்லை. 24,000ஐ நம்பி நகை மீட்க நாள் குறித்தவருக்கோ சீட்டுக் கட்ட வாக்களித்தவருக்கோ சம்பள முற்பணம் கேட்டு முகாமையாளரிடம் நீங்களே போய்ப் பேசலாம். குழுவில் போட்ட மன்னிப்பைவிட அந்த நடை பெறுமதியானது.

தொகையைத் திருத்தியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அடுத்த சீசனிலும் இதே இடத்தில் விழுவார்கள். பிழையின் வேர் வகுத்தலில் இல்லை, ஆட்களின் எண்ணிக்கை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. கடந்த மாதச் சம்பளப் பட்டியலை விட்டுவிட்டு, அந்த மாத வரவுப் பதிவேட்டிலிருந்து எண்ணிக்கையை எடுத்து, அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவரிடம் கையொப்பம் வாங்குங்கள். பிறகு பங்கை அந்த எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். 24,000ஐ 48ஆல் பெருக்கினால் 1,152,000 வரும். கையில் இருப்பதோ 960,000. ஒரு நிமிடத்தில் பிடிபட்டிருக்கக்கூடிய பிழை இது.

நம்பிக்கை உடனே திரும்பாது. ஜூலை, ஆகஸ்ட் அறிவிப்புகளில் மொத்தத் தொகை, ஆட்களின் எண்ணிக்கை, பங்கு ஆகிய மூன்றையும் யாரும் கேட்காமலே போடுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய பிழைக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள்; அது மறந்தவர்களுக்கும் ஞாபகமூட்டும். சந்தேகம் வந்தவர் நேரே உங்களிடம் வந்து கேட்டால் நிலைமை தேறுகிறது. சமையலறையில் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தேறவில்லை. அதே சீசனில் எண்ணிக்கை மறுபடியும் பிழைத்தால் இன்னொரு மன்னிப்பு எடுபடாது. அறிவிக்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்து, சரிபார்ப்பவராக மட்டும் இருந்துகொள்ளுங்கள்.