"எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்" என்றால் யார் யாருக்கு?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி. பையர் ஷிப்மெண்ட் தேதியை 10-லிருந்து 20-க்குத் தள்ளிவைத்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம், "எல்லோருக்கும் அனுப்பிவிடுங்க" என்கிறார். "சரிங்க" என்று சொல்லி, அந்த ஆர்டருக்கான வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? கட்டிங் மாஸ்டர், தையல் காண்ட்ராக்டர், செக்கிங், பேக்கிங் ஆட்கள். கூடவே சாயப்பட்டறைக்காரரும் பிரிண்டிங்காரரும். பத்து நாள் கூடுதலாகக் கிடைத்தது தெரிந்தால் சாயப்பட்டறையில் நம் துணி பின்னுக்குப் போகும், அவசரமாக வந்த வேறொருவர் துணி மெஷினில் ஏறும். அவர்கள் மேல் குற்றமில்லை, தொழில் அப்படி. முதலாளி கணக்கில் "எல்லோரும்" என்பதில் அவர்கள் இல்லவே இல்லை. மறுபுறம், தூத்துக்குடியில் கண்டெய்னருக்கு இடம் பதிவு செய்திருக்கும் ஃபார்வர்டரும், இறுதிச் சோதனைக்கு ஆள் அனுப்பும் பையிங் ஏஜெண்டும் குழுவில் இருப்பதில்லை. தேதி மாறியது முதலில் தெரிய வேண்டியது அவர்களுக்குத்தான்.

அடுத்த தவறு, கேட்கும் விதம். "எல்லோருக்கும்னா யாருக்குங்க?" என்று கேட்டால், "எல்லோருக்கும்தாங்க" என்றே பதில் வரும். எரிச்சலோடும் வரலாம். பட்டியலை நீங்களே எழுதி, சந்தேகமான பெயர்களைத் தனியே நிறுத்துங்கள்: "கட்டிங், தையல், பேக்கிங், ஃபார்வர்டர், ஏஜெண்ட் ஆகியோருக்கு அனுப்புகிறேன். சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் அனுப்பவில்லை. சரிதானுங்களா?" யாருக்கு அனுப்பப்போவதில்லை என்று சொல்வதுதான் இதில் முக்கியம். தவறு இருந்தால் அந்த வரியில்தான் முதலாளியின் கண் நிற்கும்.

பெயர்கள் முடிவானாலும் பையரின் மின்னஞ்சலை அப்படியே ஃபார்வர்டு செய்யக் கூடாது. அடியில் பழைய கடிதங்கள் தொடராக இருக்கும். அவற்றில் ஒன்றில் ஒரு பீஸ் என்ன விலைக்குப் போகிறது என்று இருக்கும். தையல் கூலி பேசும் காண்ட்ராக்டர் கையில் அது சிக்கினால் அடுத்த பேச்சுவார்த்தையை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். புதிய தேதியை மட்டும் தனியாக எழுதி அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைக்காதவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. புதிதாகச் சேர்ந்த காண்ட்ராக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுவது நல்லது.

முதலாளி பயணத்தில் இருக்கிறார், பதில் வரவில்லை என்றால்? சந்தேகமே இல்லாத ஃபார்வர்டருக்கும் ஏஜெண்டுக்கும் உடனே அனுப்பிவிடலாம். மற்றவர்களுக்கு மறுநாள் காலை சொன்னாலும் ஒன்றும் கெட்டுவிடாது. சாயப்பட்டறைக்காரர் படித்த பிறகு, "அனைவருக்கும் நீக்கு" என்பதை அழுத்திப் பயனில்லை.