எசென்ஷியல் ஆயில் தெறித்தால்: ‘தண்ணீர் ஊற்றாதே’ தோலுக்குத்தான், கண்ணுக்கு அல்ல

வீட்டில் ஏழெட்டுப் பேருக்குச் சோப்பும் வலித் தைலமும் செய்யக் கற்றுத்தருகிறேன். கிராம்பு எண்ணெய், புதினா எண்ணெய், ஊட்டி யூகலிப்டஸ் தைலம் எல்லாம் மேஜையில் திறந்தே இருக்கும். புதிதாக வருகிறவர்களிடம் நான் செய்த அதே தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மூடியைச் சரியாக மூடாதது, கையுறை போடாதது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை ஒரு வாரத்தில் தானாகவே பழகிவிடும். தெறித்த பிறகு செய்யும் தவறுகள்தான் என் கவலை.

கையில் பட்டதும் குழாயைத் திறப்பது

இந்த எண்ணெய்கள் தண்ணீரில் கரையாது. மணிக்கட்டில் கிராம்பு எண்ணெய் பட்டதும் வெறும் தண்ணீரில் காட்டிப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், எண்ணெய் மெல்லிய படலமாக வழிந்து முழங்கை வரை போகும். ஒரு ரூபாய் அளவு இருந்த எரிச்சல் உள்ளங்கை அளவு ஆகிவிடும். புதினா எண்ணெயாக இருந்தால் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் ‘சுரீர்’ என்று இன்னும் ஏறும். அதில் இருக்கும் மெந்தால் தூண்டுவது தோலில் குளிரை உணரும் நரம்புகளைத்தான். அதனால் குளிர்ந்த தண்ணீர் அந்த உணர்வைக் கூட்டுமே தவிர, அடக்காது.

நான் செய்வது இது. மோதிரம், வாட்ச், நனைந்த துணி எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுவேன். காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பேன், தேய்க்க மாட்டேன். இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் ஊற்றி மெதுவாகத் தடவி, துணியால் துடைத்துவிட்டு, இன்னொரு முறையும் அப்படியே செய்வேன். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் இதற்கு ஆகும். எண்ணெயில் எண்ணெய் கரைவதால், தோலில் இருந்தது நீர்த்துத் துணியோடு வந்துவிடும். அப்புறம் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுவேன். சுடுதண்ணீர் கூடாது.

இதற்கு வரம்பு உண்டு. தேங்காய் எண்ணெய் பக்கத்தில் இல்லையென்றால் தேடிக்கொண்டு ஓட வேண்டாம், சோப்பும் தண்ணீருமே போதும். பாட்டில் கவிழ்ந்து தொடை, வயிறு என்று நனைந்துவிட்டாலும் துணியைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும். தோல் வெட்டுப்பட்டிருந்தால் எண்ணெய் தடவாதீர்கள். கொப்புளம் வந்தாலோ தோல் வெளுத்துப்போனாலோ மருத்துவரிடம் போங்கள்.

அதே விதியைக் கண்ணுக்கும் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இது நான் கற்றுத்தந்த பாடத்தில் இருந்தே வந்தது.

போன வருடம் வகுப்பில் ஒரு பெண் பத்து மில்லி கிராம்பு எண்ணெய் பாட்டிலைத் திறந்தார். சொட்டுச் சொட்டாக விழுவதற்காகப் பாட்டில் வாயில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருக்குமே, அது இறுகிக் கிடந்தது. கத்தி முனையால் நெம்பினார். அடைப்பு ‘டப்’ என்று துள்ளியது. மணிக்கட்டில் கொஞ்சம், வலது கண்ணில் ஒரு துளி. கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறினார்.

நான் எழுந்து வருவதற்குள் பக்கத்தில் இருந்த தம்பி பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துக்கொண்டு அவர் கண்ணை நோக்கிப் போய்விட்டான். தடுத்தேன். “அக்கா, தண்ணி பட்டா பரவும்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றான். சொன்னது உண்மைதான். தோலுக்குச் சொன்னேன். கண்ணைப் பற்றி அன்றுவரை வகுப்பில் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

கண்ணுக்குத் தண்ணீர்தான் முதலில், உடனே, நிறைய. எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பது கண்ணிலும் மாறிவிடாது. ஆனால் இங்கே நாம் கரைக்கப் பார்க்கவில்லை, அடித்துக்கொண்டு போகச் செய்கிறோம். கண்ணின் மேற்பரப்பு ஏற்கெனவே கண்ணீரால் ஈரமாக இருக்கிறது. விடாமல் ஓடும் தண்ணீரும் இமைக்கும் இமையும் சேர்ந்து துளியை வெளியே தள்ளும். சமையல் எண்ணெயும் பாலும் கிருமியற்றவை அல்ல. கருவிழி மேல் தோல் ஏற்கெனவே புண்பட்டிருந்தால் அவற்றை ஊற்றுவது கிருமித் தொற்றுக்குக் கதவு திறந்துவிடுவதுதான். அவற்றைத் தேடி எடுக்கும் நேரம் முழுக்க எண்ணெய் கண்ணிலேயே உட்கார்ந்திருக்கும். பல வருடங்களுக்கு முன் யூகலிப்டஸ் தைலம் பட்டபோது யாரோ சொன்னதைக் கேட்டு ஃபிரிட்ஜில் இருந்த பாலைத் தேடி நானும் பத்து நிமிடம் வீணாக்கியிருக்கிறேன்.

அன்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் என் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், சில நொடிதான் ஆகும். எண்ணெய்க் கையோடு இமையைப் பிடித்தால் இன்னொரு துளியை நாமே உள்ளே வைத்ததாகிவிடும். அவரைக் கழுவுதொட்டியில் குனிய வைத்து, வலது கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்தேன். அப்போதுதான் வழிகிற தண்ணீர் நல்ல கண்ணுக்குப் போகாது. சொம்பில் சாதாரணத் தண்ணீரை எடுத்து, மூக்குப் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக மெதுவாக ஊற்றினேன். குழாயை வேகமாகத் திறந்து கண்ணில் அடிக்கக் கூடாது.

கண்ணைத் திறக்கவே முடியவில்லை அவரால். இது எல்லோருக்கும் நடக்கும், மூடிய இமை மேல் ஊற்றினால் பயன் இல்லை. இரண்டு விரலால் இமைகளை விரித்துப் பிடித்து, மேலே பார், கீழே பார், இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார் என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன். காண்டாக்ட் லென்ஸ் இருந்தது. சில சொம்பிலேயே அது தானாக வந்துவிட்டது. வராவிட்டால் கழற்றிவிட்டுத் தொடர வேண்டும், அதைக் கழற்றத்தான் முதலில் நேரம் செலவழிக்கக் கூடாது.

இரண்டு நிமிடத்தில் “போதும் அக்கா, பரவாயில்லை” என்றார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். இருபது நிமிடம் ஊற்றினோம். பதினைந்துக்குக் குறையக் கூடாது. மணிக்கட்டுக்கு அதே நேரத்தில் அந்தத் தம்பி தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தான், அது அவன் கற்ற பாடம், அங்கே சரி.

கழுவிய பிறகும் மண் விழுந்த மாதிரி உறுத்தியது, ஜன்னல் வெளிச்சம் கூசியது. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அன்றே கண் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியின் மேல்தோல் உரிந்திருந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. ஆன்டிபயாடிக் சொட்டு கொடுத்தார். சில நாளில் ஆறிவிட்டது.

வலி, சிவப்பு, மங்கல், வெளிச்சக் கூச்சம் இவற்றில் ஒன்று மிச்சம் இருந்தாலும் அன்றே போக வேண்டும். கிராம்பு, லவங்கப்பட்டை எண்ணெய் என்றாலோ, பட்டது குழந்தைக்கு என்றாலோ, அறிகுறியே இல்லாவிட்டாலும் போய்விடுங்கள்.

கண்ணைக் கசக்குவது

கூடாது.

வாயில் போனதும் வாந்தி எடுக்க வைப்பது

கூடவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலோடு மருத்துவமனைக்கு, அல்லது 108.

எரிச்சல் நின்றதும் மறந்துவிடுவது

ஒவ்வாமைத் தடிப்பு ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரும், அதனால் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தோல் எண்ணெயோ பெர்கமாட் எண்ணெயோ பட்டிருந்தால், கழுவிய பிறகும் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் அந்த இடத்தில் வெயில் படாமல் துணியால் மூடி வையுங்கள். வெயில் பட்டால் தீப்பட்ட மாதிரி சிவந்து, கருந்தழும்பாக நின்றுவிடும்.

கத்தியால் நெம்புவது

பாட்டிலை முகத்துக்கு எதிரே பிடிக்காமல், துணியால் மூடித் திருகுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.