லேத் பட்டறைப் போர்டு: யாரும் படிக்காத இருபது வரிகள்

ஓசூரில் நான் வேலை பார்த்த லேத் பட்டறையின் வாசலில் இருபது வரிப் போர்டு ஒன்று இருந்தது. முதல் வரி, 'இயந்திரங்களைக் கவனமாகக் கையாளவும்'. அதைப் படித்துவிட்டு யாரும் எதையும் மாற்றிச் செய்ததில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லவே இல்லையே.

உள்ளே கிரைண்டிங் மெஷின் இருந்தது. அதில் டூலைத் தாங்கும் ரெஸ்டுக்கும் தீட்டும் வீலுக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. வீல் கீழ்நோக்கிச் சுற்றுவதால், இடைவெளி பெரிதானால் தீட்டுகிற டூல் பிட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிட் சிக்கினால் வீலே உடைந்து சிதறலாம். வீல் தேயத் தேய இடைவெளி தானாகவே கூடும் என்பதால், ஒருமுறை சரிசெய்தால் போதாது.

இதற்குப் போர்டில் இருந்த வரி, 'ரெஸ்டைச் சரியான இடைவெளியில் வைக்கவும்'. சரியான என்றால் எவ்வளவு? '3 மி.மீ.' என்று மாற்றிப் பார்த்தோம். காலையில் ஸ்கேல் தேடி அளப்பவர் யார்? கடைசியில் 3 மி.மீ. டிரில் பிட் ஒன்றை மெஷினிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மேலே இப்படி எழுதினோம்:

'மெயினை ஆஃப் பண்ணு. வீல் நிற்கட்டும். பிட்டின் வழவழப்பான முனை இடுக்கில் நுழைந்தால், ரெஸ்டை நெருக்கி முடுக்கு.'

இது வேலை செய்தது. அளவு கைக்கு வந்துவிட்டது, வரிசையும் உள்ளது. ஆஃப் பண்ணுவதைக் கடைசியில் எழுதியிருந்தால், ஓடும் வீலுக்குப் பக்கத்திலேயே கையை வைத்திருப்பார்கள். 'வைக்கவும்', 'கையாளவும்' எல்லாம் அரசாங்க அறிவிப்பு மாதிரி காதைத் தாண்டிப் போய்விடும். மேஸ்திரி சொல்கிற மாதிரி எழுதுவதே மேல். பீகார், ஒடிசா பையன்களுக்காக அதற்குக் கீழே இந்தியிலும் எழுதினோம்.

இன்னொரு தவறு இதைவிட மோசமானது. 'அனைவரும் கையுறை அணியவும்' என்று பட்டறை முழுக்க ஒரே விதி போடுவது. தகடு தூக்கும்போது கிளவுஸ் தேவைதான். டிரில்லிங் மெஷினிலும் லேத்திலும் அதே கிளவுஸ் சுழலும் பாகத்தில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். போர்டை அப்படியே நம்பியவனுக்குத்தான் ஆபத்து! டிரில்லிங் மெஷினில் 'இங்கே கிளவுஸ் கழற்று' என்று எழுதினோம். ஆனால் சூடான உலோகச் சுருளை வெறுங்கையால் எப்படி எடுப்பான்? கொக்கியும் பிரஷும் அங்கேயே மாட்டி, 'நிறுத்திவிட்டுக் கொக்கியால் இழு' என்று சேர்த்த பிறகுதான் கிளவுஸ் கழன்றது.

அப்புறம், கிரைண்டரில் தொங்கிய டிரில் பிட் இரண்டாவது வாரமே காணாமல் போனது. யாரோ ஓட்டை போட எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் 3 மி.மீ. தகட்டுத் துண்டு, செயினோடு வெல்டு செய்யப்பட்டுத் தொங்குகிறது.