யாழ்ப்பாணத்தில் வீடு மாறுகிறீர்களா? அடுப்படியை இந்த வரிசையில் கட்டுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ கல்யாணமாகியோ யாழ்ப்பாணம் வருபவர்கள் முதல் வாடகை வீட்டிலேயே நிலைப்பது அபூர்வம். கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். இல்லையென்றால் கனடாவில் இருக்கும் வீட்டுக்காரர் திடீரென்று வருகிறேன் என்பார். முற்பணம், ஒப்பந்தம், மின்மானி வாசிப்பைப் படம் எடுப்பது, புது இடத்துக் கிராம அலுவலரான விதானையாரிடம் பதிவது, விசாவில் இருப்பவர்கள் முகவரி மாற்றத்தை அறிவிப்பது எல்லாம் கேட்டுச் செய்துகொள்ளலாம். நாள் பார்ப்பதும் ஆடி மாதத்தைத் தவிர்ப்பதும் நம் ஊரைப் போலத்தான். ஆளைக் கவிழ்ப்பது அடுப்படி.

அலமாரி அலமாரியாகக் கட்டாதீர்கள். உதவிக்கு வருபவர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள், பாசத்தோடு, கேட்காமலே. கடைசியாக எப்போது எடுத்தோம் என்று பார்த்துக் கட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பே விருந்துப் பாத்திரங்கள், முறுக்கு உரல், பெரிய அண்டா, கூடுதல் தட்டுகள் போகட்டும். அதே சமயம் அரிசி, பருப்பு, கறித்தூள் புதிதாக வாங்குவதை நிறுத்துங்கள். இங்கே எல்லா வீட்டிலும் கறித்தூள் கிலோக்கணக்கில் இருக்கும். அதைத் தேயிலையோடு ஒரே பெட்டியில் வைத்தால், பிறகு குடிக்கும் தேநீரெல்லாம் கறியாக மணக்கும்.

அடுத்த வாரம் கிரைண்டர், இடியப்ப உரல், மண் சட்டிகள். மண் சட்டியைக் கழுவிய கையோடு பத்திரிகையில் சுற்றிவிடாதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்து, திறக்கும்போது நாறும். ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்துவிட்டு ஒன்றுக்குள் ஒன்றாக, நடுவில் பழைய துணி வைத்து அடுக்குங்கள். அம்மியைப் பெட்டியில் போட வேண்டாம், வண்டித் தரையிலேயே ஏற்றிவிடலாம். கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு ஃப்ரிட்ஜைக் காலியாக்கி அணைத்து, பனி உருகியதும் துடைத்துவிடுங்கள்.

மிஞ்சுவது தினமும் கை போகிற சாமான்கள். ஒரு சோற்றுப் பானை, ஒரு சட்டி, கேத்தல், அகப்பை, கத்தி, ஆளுக்கு ஒரு தட்டும் கோப்பையும், உப்பு, மஞ்சள், சீனி, தேயிலை, பால்மா, இரண்டு வேளைக்கு அரிசி பருப்பு, நெருப்புப்பெட்டி, பாத்திரம் தேய்க்கும் சோப்பு. கிளம்புகிற காலையில் தேநீர் குடித்த பிறகுதான் இந்தப் பெட்டியை மூட வேண்டும். சிலிண்டர் வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி இதிலேயே போடுங்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மிக்சியின் உருண்டை முனைக்காக வாங்கிய அடாப்டர் சுவரிலேயே மாட்டியிருக்கும், அதையும்.

இவ்வளவு ஒழுங்காகச் செய்தும் என் தோழி மாட்டிக்கொண்டாள். தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரி, எதையும் பட்டியல் போட்டுச் செய்பவள். கொக்குவிலிலிருந்து சாவகச்சேரிக்கு மாறினார்கள், கார்த்திகை மாதம். கடைசியாகக் கட்டிய பெட்டி வாசலில் இருந்தது. ஏற்ற வந்தவர்களுக்கு வாசலில் இருப்பதுதானே முதலில் கைக்கு வரும்! அதை லொறியின் உள்மூலையில் வைத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றி, முன்னால் அலமாரியையும் நிறுத்திவிட்டார்கள். போய்ச் சேர்ந்து பாதி இறக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாரதி தார்ப்பாயை இழுத்துக் கட்டி, "மிச்சம் காலையில பாப்பம் அக்கா" என்று சொல்லிவிட்டார். அடுப்பு இறங்கிவிட்டது, சிலிண்டரும் இறங்கிவிட்டது. ரெகுலேட்டர் லொறிக்குள். பிள்ளைக்குப் பால் கரைக்கப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி வெந்நீர் கேட்டிருக்கிறாள். அந்த அன்ரி புட்டும் முட்டைப் பொரியலும் சேர்த்தே கொடுத்தனுப்பினாராம். யாழ்ப்பாணத்தைக் குறை சொல்ல வரும்போதெல்லாம் யாராவது இப்படிச் செய்து என் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

பட்டியல் சரியாக இருந்தும் ஏற்றும் வரிசை கெடுத்துவிட்டது. கடைசியில் கட்டியது கடைசியில்தான் ஏற வேண்டும், அப்போதுதான் முதலில் இறங்கும். அதைவிட நல்லது, அந்தப் பெட்டியை லொறியில் ஏற்றவே விடாதீர்கள். சாமான் ஏற்ற ஆட்கள் வருவதற்கு முன்பே பின் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, உங்களோடு ஓட்டோவில் கொண்டுபோங்கள். ஒரு கான் குடிதண்ணீரும் அதோடு போகட்டும். புது வீட்டுக் கிணறு எப்படி என்று அன்றைக்கே தெரியாது.

பால் காய்ச்சுவதற்கு முந்தைய நாளே போய் உப்பு, மஞ்சள், நிறைகுடம் வைப்பவர்கள் அதற்குத் தனியாகச் சிறு பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். தினசரிப் பெட்டியைப் பிரித்தால் பிறகு எது எங்கே என்று தெரியாமல் போகும். புது வீட்டில் ரெகுலேட்டரை மாட்டியதும் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் வாயு கசிகிறது, உடனே வால்வை மூடிவிட வேண்டும். ஃப்ரிட்ஜைச் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே போடுங்கள். அதுவரை மீன் வாங்கப் போக வேண்டாம்.