தேற்ற நிரூபணத்தில் காரணம் எழுதுவது எப்படி? ஓர் இணைகரத்தை வைத்துப் பார்ப்போம்

‘இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் சமம் என நிரூபி.’ வடிவியல் படிக்கும் எல்லோரும் ஒருமுறையாவது எழுதிப் பார்த்திருக்கும் கேள்வி இது. வரிகளைச் சரியாக எழுதிவிட்டு, பக்கத்தில் காரணம் எழுதும்போது தடுமாறுபவர்கள் பலர். இந்த ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் காரணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

முதலில் படம் வரைந்து, முனைகளுக்கு A, B, C, D என்று வரிசையாகச் சுற்றிப் பெயரிடுங்கள். பிறகு மூன்று வரிகள்:

தரவு: ABCD ஓர் இணைகரம்.
நிரூபிக்க வேண்டியது: AB = CD, BC = DA.
அமைப்பு: மூலைவிட்டம் AC-ஐ வரைக.

இனி தாளின் நடுவே ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் காரணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கூற்றை எழுதியதும் ‘எதனால்?’ என்று கேளுங்கள். அதற்கு நான்கு விதமான பதில்கள்தாம் செல்லும்: கேள்வியில் தரப்பட்டது, நாமே வரைந்தது, ஏற்கெனவே தெரிந்த வரையறை அல்லது தேற்றம், இதே நிரூபணத்தில் மேலே எழுதிய வரி. ‘படத்தைப் பார்த்தாலே தெரிகிறது’ என்பது இந்த நான்கிலும் சேராது.

```
1. AB ∥ DC          இணைகரத்தின் வரையறை
2. ∠BAC = ∠DCA      AB ∥ DC, குறுக்குவெட்டி AC;
                    ஒன்றுவிட்ட உட்கோணங்கள்
3. AD ∥ BC          இணைகரத்தின் வரையறை
4. ∠BCA = ∠DAC      AD ∥ BC, குறுக்குவெட்டி AC;
                    ஒன்றுவிட்ட உட்கோணங்கள்
5. AC = CA          பொதுப் பக்கம்
6. △ABC ≅ △CDA      2, 5, 4-இலிருந்து; கோ-ப-கோ
7. AB = CD, BC = DA சர்வசம முக்கோணங்களின்
                    ஒத்த பக்கங்கள்
```

இரண்டாம், நான்காம் வரிகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டுக்கும் ‘ஒன்றுவிட்ட உட்கோணங்கள்’ என்று மட்டும் எழுதினால் காரணம் பாதியில் நிற்கிறது. குறுக்குவெட்டி இரண்டிலும் AC-தான். ஆனால் இணைகோடுகள் வேறு வேறு. எந்தக் கோடுகள் இணை என்பதைச் சொன்னால்தான் எந்தக் கோணம் எதற்குச் சமம் என்பது உறுதியாகும். அதைச் சொல்லாமல் விடுபவர்கள் ∠BAC = ∠DAC என்று எழுதிவிடுவதும் உண்டு. அது உண்மையானால் AC, கோணம் A-ஐ இருசமமாக வெட்ட வேண்டும். எல்லா இணைகரத்திலும் அப்படி நடக்காது, சாய்சதுரத்தில் மட்டும்தான் நடக்கும்.

ஆறாம் வரியில் எழுத்துகளின் வரிசைதான் உயிர். A-க்கு எதிரே C, B-க்கு எதிரே D, C-க்கு எதிரே A என்று பொருந்துகிறது; ஆகவே △ABC ≅ △CDA. இதை △ABC ≅ △ADC என்று மாற்றி எழுதினால், ஒத்த பக்கங்களை எடுக்கும்போது AB = AD என்று வந்து நிற்கும். அடுத்தடுத்த பக்கங்கள் சமம் என்று நாம் எங்குமே காட்டவில்லை. இரண்டாம் வரியின் சம கோணங்களைப் பார்த்தே வரிசையைச் சரிபார்க்கலாம்: முதல் முக்கோணத்தில் A-இல் உள்ள கோணம் இரண்டாவதில் C-இல் இருப்பதற்குச் சமம், எனவே இரண்டு பெயர்களிலும் A-யும் C-யும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். காரணத்தில் வரி எண்களைக் குறிப்பதும் நல்ல பழக்கம். கோ-ப-கோ என்றால் பக்கம் இரு கோணங்களுக்கும் இடையில் இருக்க வேண்டும். 2, 5, 4 என்று எழுதும்போதே அது கண்ணில் படும்.

இந்தக் கேள்வியில் என்னை மிகவும் வருத்தும் தவறு ஒன்று உண்டு. AB = CD என்று முதலிலேயே எழுதி, பக்கத்தில் ‘இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் சமம்’ என்று காரணம் சொல்வது. வாக்கியம் உண்மைதான். ஆனால் எதை நிரூபிக்கச் சொன்னார்களோ அதையே காரணமாக்கினால் நிரூபணம் தொடங்கவே இல்லை. ஒவ்வொரு காரணத்தையும் ‘நிரூபிக்க வேண்டியது’ வரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது உடனே பிடிபடும். வேறொரு கேள்வியில், இந்தத் தேற்றத்தை நிரூபித்த பிறகு, அதே வாக்கியம் நல்ல காரணம்.

கேள்வியைத் திருப்பிக் கேட்டால் காரணங்களும் திரும்பும். ‘AB = CD, BC = DA எனில் ABCD இணைகரம் என நிரூபி’ என்றால், பக்கங்கள் இப்போது தரவு; பொதுப் பக்கம் AC-ஐயும் சேர்த்து ப-ப-ப மூலம் முக்கோணங்கள் சர்வசமம். ஒத்த கோணங்களாக ∠BAC = ∠DCA கிடைக்கும். அடுத்து AB ∥ DC என்று எழுதும்போது ‘இணைகோடுகள் என்பதால் ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம்’ என்று எழுதக் கூடாது. கோடுகள் இணை என்பது இன்னும் தெரியாது. ‘ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம் என்பதால் கோடுகள் இணை’ என்பதே இங்கே காரணம். AD ∥ BC-க்கும் ∠BCA = ∠DAC-ஐ வைத்து இதையே எழுத வேண்டும்.